மழைநீரைத் தேக்கும் தூண்கள்: இரு பாயிண்டர் முறையும் ஸ்டாக் முறையும்

கேள்வி: லீட்கோடில் 42ஆம் கணக்கான ‘ட்ராப்பிங் ரெயின் வாட்டர்’ கணக்கைச் சிலர் இரு பாயிண்டர் வைத்துப் போடுகிறார்கள், சிலர் ஸ்டாக் வைத்துப் போடுகிறார்கள். பாயிண்டர் முறையில் வலப்பக்கம் முழுவதையும் பார்க்காமலே தண்ணீரைக் கூட்டிவிடுகிறோமே, அது எப்படிச் சரியாகும்? அதுவே நினைவகத்தில் இடமும் குறைவாக எடுத்துக்கொள்கிறது என்றால் ஸ்டாக் முறையை ஏன் படிக்க வேண்டும்?

பதில்:

வரிசையாக ஒட்டி நிற்கும் தூண்களின் உயரங்கள் ஓர் அரேயில் தரப்பட்டிருக்கும்; மழை பெய்தபின் அவற்றுக்கு இடையே எவ்வளவு தண்ணீர் தேங்கும் என்பதுதான் கணக்கு. அரே முழுவதும் கையில் இருந்து, தேங்கும் தண்ணீரின் மொத்த அளவு மட்டும் வேண்டும் என்றால் இரு பாயிண்டர் முறையே போதுமானது. நான் அதைத்தான் எழுதுவேன். தூண்கள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்க, ஒவ்வொரு தூண் வந்ததும் அதுவரை தேங்கிய அளவைச் சொல்ல வேண்டும் என்றால் பாயிண்டர் முறையால் அது முடியாது. அங்கே ஸ்டாக் வேண்டும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், வலப்பக்கத்தை முழுவதும் பார்க்காமல் எப்படிக் கூட்ட முடிகிறது என்பதற்கும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

முதலில் தண்ணீரின் அளவு எதைப் பொறுத்தது என்பதை உறுதி செய்துகொள்வோம். ஒவ்வொரு தூணின் அகலமும் 1. ஒரு தூணின் தலைக்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதை அதன் இடப்பக்கத்தில் உள்ள மிக உயர்ந்த தூணும் வலப்பக்கத்தில் உள்ள மிக உயர்ந்த தூணும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அந்த இரண்டில் எது குட்டையோ அதன் உச்சி வரைக்கும்தான் தண்ணீர் நிற்கும். அதற்கு மேல் வந்தால் அந்தப் பக்கமாக வழிந்துவிடும். இந்த மட்டத்திலிருந்து தூணின் சொந்த உயரத்தைக் கழித்தால் அந்த இடத்தில் நிற்கும் நீர் கிடைக்கும். இடப்பக்க உச்சத்தைக் கணக்கிடும்போது அந்தத் தூணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், வலப்பக்கத்திற்கும் அப்படியே. அப்போது கழித்தலின் விடை ஒருபோதும் பூஜ்யத்திற்குக் கீழே போகாது.

இந்த விதியை அப்படியே நிரலாக்கினால், ஒவ்வொரு இடத்துக்கும் இடப்பக்க உச்சத்தை ஓர் அரேயிலும் வலப்பக்க உச்சத்தை இன்னோர் அரேயிலும் முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொண்டு, மூன்றாவது சுற்றில் கூட்டிவிடலாம். அதுவும் O(n) தான். இரு பாயிண்டர் முறையையும் ஸ்டாக் முறையையும் இதிலிருந்து பிறந்தவையாகப் பார்த்தால்தான் அவை எளிதில் புரியும். அதனால் இந்த மூன்று சுற்று வடிவத்தை ஒருமுறையாவது கையால் எழுதிப் பார்த்துவிட்டு மற்ற இரண்டுக்கும் போவது நல்லது.

கீழே முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்துகிறேன்:

```
இடம்   : 0 1 2 3 4 5 6 7
உயரம்  : 4 1 3 0 2 5 1 3
```

இடம் 1 முதல் 4 வரை உள்ள பள்ளத்தில் இடப்பக்கம் 4 உயரத் தூணும் வலப்பக்கம் 5 உயரத் தூணும் நிற்கின்றன. எனவே நீர்மட்டம் 4. அங்கே முறையே 3, 1, 4, 2 அலகு நீர் நிற்கும். இடம் 6இல் இடப்பக்கம் 5, வலப்பக்கம் 3, ஆக மட்டம் 3. அங்கே 2 அலகு. மொத்தம் 12. இந்த 12ஐ இரண்டு முறைகளும் எந்த வரிசையில், எந்தத் துண்டுகளாகச் சேர்க்கின்றன என்பதில்தான் வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இரு பாயிண்டர் முறை

```python
def trap(h):
    l, r = 0, len(h) - 1
    lm = rm = total = 0
    while l < r:
        if h[l] < h[r]:
            lm = max(lm, h[l])
            total += lm - h[l]
            l += 1
        else:
            rm = max(rm, h[r])
            total += rm - h[r]
            r -= 1
    return total
```

`l` இடக்கோடியிலும் `r` வலக்கோடியிலும் தொடங்குகின்றன. எந்தப் பாயிண்டர் குட்டையான தூணின் மேல் நிற்கிறதோ அந்தத் தூணுக்கான நீரைக் கணக்கிட்டுவிட்டு அந்தப் பாயிண்டரை உள்ளே நகர்த்துகிறோம். `lm` என்பது இடப்புறமிருந்து இதுவரை கண்ட உச்சம், `rm` என்பது வலப்புறமிருந்து இதுவரை கண்ட உச்சம்.

நம் எடுத்துக்காட்டில் இது எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். முதலில் 4ஐயும் 3ஐயும் ஒப்பிடுகிறோம். வலப்பக்கம் குட்டை, எனவே `rm` 3 ஆகிறது, நீர் ஏதும் சேரவில்லை, `r` இடம் 6க்கு வருகிறது. அங்கே உயரம் 1. இப்போதும் 4ஐ விடக் குட்டை. `rm` 3ஆகவே இருப்பதால் 2 அலகு சேர்கிறது. `r` இடம் 5க்கு வந்ததும் நிலைமை மாறுகிறது: 4ஐ விட 5 பெரியது, எனவே இனி இடப்பாயிண்டர் நகர வேண்டும். `lm` 4 ஆகிறது. அதன்பின் இடங்கள் 1, 2, 3, 4 ஒவ்வொன்றும் 5ஐ விடக் குட்டையாகவே இருப்பதால் இடப்பாயிண்டர் நிற்காமல் நகர்ந்து 3, 1, 4, 2 என்று சேர்த்துக்கொண்டே போகிறது. இரண்டு பாயிண்டர்களும் இடம் 5இல் சந்திக்கும்போது கூட்டல் 12.

இனி கேட்கப்பட்ட சந்தேகத்துக்கு வருவோம். இடப்பாயிண்டர் இடம் 1இல் நிற்கும்போது இடங்கள் 2, 3, 4 ஆகியவற்றை நாம் இன்னும் தொடவே இல்லை. அவற்றுள் 100 உயரத் தூண் ஒன்று ஒளிந்திருந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இடம் 1இன் நீர்மட்டம் இரு பக்க உச்சங்களில் சிறியதைப் பொறுத்தது. இடப்பக்க உச்சம் 4 என்பது நமக்குத் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் இடப்புறம் இருந்த எல்லாத் தூண்களையும் பார்த்துவிட்டோம். வலப்பக்க உச்சம் எவ்வளவு என்று துல்லியமாகத் தெரியாது. ஆனால் அது குறைந்தது 5 என்பது தெரியும், ஏனென்றால் இடம் 5இல் 5 உயரத் தூண் நிற்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது 5ஆக இருந்தாலும் 100ஆக இருந்தாலும் 4க்கும் அதற்கும் இடையே சிறியது 4தான். ஆக நமக்குத் தேவைப்படுவது வலப்பக்க உச்சத்தின் மதிப்பு அன்று. அது இடப்பக்க உச்சத்தைவிடக் குறையவில்லை என்ற உறுதி மட்டுமே.

இந்த எடுத்துக்காட்டில் அந்த உறுதி இருந்தது சரி, எப்போதும் இருக்குமா என்று கேட்க வேண்டும். நிரலில் நாம் ஒப்பிடுவது `h[l]`ஐயும் `h[r]`ஐயும்தான். `lm`ஐயும் `h[r]`ஐயும் எங்கும் ஒப்பிடவில்லை. `h[l] < h[r]` என்பதிலிருந்து `lm <= h[r]` எப்படிக் கிடைக்கிறது? பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தைத் தாவிச் சென்றுவிடுகின்றன, அதனால்தான் நிரல் மனப்பாடம் ஆனபிறகும் சந்தேகம் தீர்வதில்லை.

விடை இதுதான்: எந்த நேரத்திலும் `h[l]`, `h[r]` இரண்டில் பெரியது, நாம் இதுவரை கடந்துவிட்ட எல்லாத் தூண்களையும் விடக் குட்டையாக இருக்காது. தொடக்கத்தில் எதையும் கடக்கவில்லை என்பதால் இது தானாகவே உண்மை. ஒரு படியில் இது உண்மையாக இருந்து, `h[l] < h[r]` என்று கண்டு இடப்பாயிண்டரை நகர்த்துகிறோம் என்று கொள்வோம். அந்தப் படியில் பெரியது `h[r]`. அது முன்பு கடந்த எல்லாவற்றுக்கும் குறையாதது. இப்போது புதிதாகக் கடக்கும் `h[l]`ஐ விடவும் பெரியது. `r` அசையாமல் அங்கேயே நிற்கிறது. எனவே அடுத்த படியிலும் இரண்டில் பெரியது குறைந்தது பழைய `h[r]` அளவு இருக்கும், கூற்று தொடர்கிறது. வலப்பாயிண்டரை நகர்த்தும்போதும் இதே வாதம் திருப்பிப் பொருந்தும். எப்போதும் குட்டையானதை நகர்த்தி உயரமானதை நிறுத்தி வைப்பதால், நிற்கும் தூண் இதுவரை கண்ட அனைத்திலும் குறையாததாகவே இருக்கிறது. `lm` என்பது கடந்த இடப்பக்கத் தூண்களும் இப்போதைய `h[l]`உம் சேர்ந்தவற்றின் உச்சம். அவை எல்லாமே `h[r]`ஐத் தாண்டாதவை. எனவே `lm <= h[r]`, வலப்பக்க உச்சம் அதற்கும் குறையாதது, சிறியது `lm`.

இதே கூற்றிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. பாயிண்டர்கள் சந்திக்கும் தூண் முழு அரேயிலும் மிக உயர்ந்ததாகவோ அதற்குச் சமமானதாகவோ இருக்கும். அதன் மேல் நீர் நிற்காது. அதனால்தான் `while l < r` என்று நிறுத்தினாலும் கடைசி இடம் விடுபட்டுப்போவதில்லை. உயரங்கள் சமமாக இருந்தால் எந்தப் பக்கத்தை நகர்த்தினாலும் வாதம் குலையாது. எனவே `<` என்பதற்குப் பதில் `<=` என்று எழுதினாலும் விடை மாறாது.

உண்மையில் இந்த முறையை வேறொரு விதமாகவும் பார்க்கலாம். முதலில் அரேயின் மிக உயர்ந்த தூணைக் கண்டுபிடித்துவிட்டு, இடக்கோடியிலிருந்து அதுவரையும் வலக்கோடியிலிருந்து அதுவரையும் தனித்தனியாக நடந்தால் அதே விடை வரும், ஏனென்றால் உச்சத் தூணின் இடப்புறம் நிற்கும் எவருக்கும் வலப்பக்கம் பற்றிய கவலை இல்லை. இரு பாயிண்டர் முறை அந்த உச்சத்தைத் தேடும் வேலையையும் நடக்கும் வேலையையும் ஒரே சுற்றில் செய்கிறது, அவ்வளவே. சந்தேகம் நீங்காதவர்கள் இந்த இரண்டு சுற்று வடிவத்தை எழுதிக்கொள்ளலாம். இடமும் நேரமும் அதே கணக்குத்தான்.

ஸ்டாக் முறை

```python
def trap(h):
    st, total = [], 0
    for i, x in enumerate(h):
        while st and h[st[-1]] < x:
            b = st.pop()
            if not st:
                break
            w = i - st[-1] - 1
            d = min(h[st[-1]], x) - h[b]
            total += w * d
        st.append(i)
    return total
```

இங்கே ஒரே திசையில், இடமிருந்து வலமாகச் செல்கிறோம். ஸ்டாக்கில் வைப்பது தூண்களின் இட எண்கள். அடியிலிருந்து உச்சி வரை பார்த்தால் அவற்றின் உயரம் ஏறாமல் இறங்கிக்கொண்டே வரும். வலப்பக்கத்தில் இன்னும் தங்களுக்கு உயரமான தூண் கிடைக்காமல் காத்திருக்கும் தூண்களே அங்கே இருக்கின்றன. புதிய தூண் உச்சியில் உள்ளதைவிட உயரமாக இருந்தால், அந்த உச்சித் தூண் ஒரு பள்ளத்தின் தரை என்று பொருள்: அதன் வலச்சுவர் புதிய தூண், இடச்சுவர் ஸ்டாக்கில் அதற்கு அடியில் இருப்பது. தரையை வெளியே எடுத்து, அந்த இரு சுவர்களுக்கும் இடையே ஒரு செவ்வக அடுக்கு நீரைச் சேர்க்கிறோம். அடுக்கின் உயரம், இரு சுவர்களில் சிறியதிலிருந்து தரையின் உயரத்தைக் கழித்தால் வருவது.

அதே எடுத்துக்காட்டில் இடம் 5 வரை சற்று விரைவாக வருவோம். இடம் 2இல் 3 வந்ததும் இடம் 1 தரையாகி, 4க்கும் 3க்கும் இடையே அகலம் 1, உயரம் 2 கொண்ட அடுக்கு சேர்கிறது, கூட்டல் 2. இடம் 4இல் 2 வந்ததும் இடம் 3 தரையாகி மேலும் 2 சேர்ந்து 4 ஆகிறது. இப்போது ஸ்டாக்கில் இடங்கள் 0, 2, 4 உள்ளன. உயரங்கள் 4, 3, 2.

இடம் 5இல் 5 உயரத் தூண் வரும்போதுதான் இந்த முறையின் இயல்பு நன்றாகத் தெரிகிறது. முதலில் இடம் 4 தரையாக வெளியேறுகிறது. இடச்சுவர் இடம் 2, உயரம் 3. நீர் 2இலிருந்து 3 வரை ஏறுகிறது, உயரம் 1. அகலம் 5 − 2 − 1 = 2, ஏனென்றால் இடம் 3இல் முன்பே 2 வரை நிரம்பியிருந்த நீரின் மேலும் இந்த அடுக்கு பரவுகிறது. எனவே 2 சேர்ந்து கூட்டல் 6. அடுத்து இடம் 2 வெளியேறுகிறது. இடச்சுவர் இடம் 0, உயரம் 4. நீர் 3இலிருந்து 4 வரை ஏறுகிறது; அகலம் 5 − 0 − 1 = 4. எனவே 4 சேர்ந்து கூட்டல் 10. பிறகு இடம் 0 வெளியேறும்போது ஸ்டாக் காலியாகிவிடுகிறது. இடச்சுவர் இல்லாததால் நீர் நிற்காது, உள்வளையத்தை விட்டு வெளியேறுகிறோம். கடைசியாக இடம் 7இல் 3 வரும்போது இடம் 6 தரையாகி 2 சேர்கிறது. மொத்தம் 12.

பாயிண்டர் முறை 3, 1, 4, 2, 2 என்று செங்குத்துத் துண்டுகளாகச் சேர்த்த அதே நீரை, ஸ்டாக் முறை 2, 2, 2, 4, 2 என்று கிடைமட்ட அடுக்குகளாகச் சேர்த்திருக்கிறது. இடம் 3ஐ மட்டும் பாருங்கள்: பாயிண்டர் முறை அங்குள்ள 4 அலகை ஒரே படியில் சேர்த்தது. ஸ்டாக் முறையில் அதே 4 அலகு மூன்று வெவ்வேறு அடுக்குகளில் 2, 1, 1 என்று பிரிந்து வந்தது. இடம் 3இன் நீர் இறுதியில் எவ்வளவு என்பது ஸ்டாக் முறைக்கு எந்த நிலையிலும் தெரியாது. அப்போதைக்கு உறுதியான அளவை மட்டும் சேர்த்துவிட்டு, பின்னால் உயரமான தூண் வந்தால் மேலும் ஏற்றுகிறது.

`for`க்குள் `while` இருப்பதால் இது O(n²) ஆகிவிடுமோ என்ற ஐயம் பலருக்கு வருகிறது. ஒவ்வோர் இட எண்ணும் ஒரே ஒருமுறைதான் ஸ்டாக்கில் ஏறுகிறது. இறங்குவதும் அதிகபட்சம் ஒருமுறைதான். ஆகவே உள்வளையம் மொத்தத்தில் n தடவைக்கு மேல் ஓட வழியே இல்லை.

ஸ்டாக் எதற்குத் தேவைப்படுகிறது

ஸ்டாக் முறை ஓடிக்கொண்டிருக்கும்போது `total` காட்டும் எண்ணைக் கவனித்தால், எட்டுத் தூண்களில் ஒவ்வொன்றுக்கும் பிறகு அது முறையே 0, 0, 2, 2, 4, 10, 10, 12 என்று இருக்கும். இவை ஒவ்வொன்றும் அந்த இடத்தோடு அரே முடிந்திருந்தால் வந்திருக்கும் சரியான விடைகள். பாயிண்டர் முறையின் `total` அப்படிப்பட்டது அன்று. அது முதலில் சேர்த்ததே இடம் 6இன் நீரைத்தான். வலக்கோடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அந்த முறையைத் தொடங்கக்கூட முடியாது. ஒற்றைத் திசை லிங்க்டு லிஸ்டில் உயரங்கள் வந்தாலும், ஃபைலிலிருந்து வரிவரியாகப் படித்தாலும் இதே தடை எழும்.

அப்படியானால் ஸ்டாக் முறை நினைவகத்தில் எடுத்துக்கொள்ளும் O(n) இடத்தை எப்படியாவது குறைக்க முடியாதா? ஒவ்வொரு படியிலும் விடை வேண்டுமென்றால் முடியாது. காரணத்தை ஒரு சிறிய எடுத்துக்காட்டிலேயே காணலாம். 5, 4, 3, 2, 1 என்று இறங்கிக்கொண்டே தூண்கள் வந்திருக்கின்றன. இதுவரை தேங்கியது 0. அடுத்து வரும் தூணின் உயரம் 2 என்றால் 1 அலகும், 3 என்றால் 3 அலகும், 4 என்றால் 6 அலகும், 5 என்றால் 10 அலகும் தேங்கும். எது வரும் என்று தெரியாத நிலையில், எது வந்தாலும் சரியாகப் பதில் சொல்ல வேண்டுமானால் அந்தப் படிக்கட்டின் ஒவ்வொரு படியையும் நினைவில் வைத்திருக்கத்தான் வேண்டும். ஸ்டாக் செய்வது அதைத்தான், அதற்கு மேல் எதையும் அது சேமிப்பதில்லை. பாயிண்டர் முறையால் இந்த நினைவு இல்லாமல் சமாளிக்க முடிவதற்குக் காரணம், எதிர்க்கோடியில் ஒரு சுவர் இருக்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுவதுதான். வரப்போகும் தூணைப் பற்றி ஊகிக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை.

மறுபுறம், ஒவ்வொரு தூணின் மேலும் தனித்தனியே எவ்வளவு நீர் நிற்கிறது என்று கேட்டால் பாயிண்டர் முறைதான் எளிது. `lm - h[l]` என்ற எண்ணே அந்த விடை. அதை ஓர் அரேயில் போட்டுவைத்தால் வேலை முடிந்தது. ஸ்டாக் முறையில் ஒவ்வோர் அடுக்கையும் அது பரவும் எல்லா இடங்களுக்கும் பகிர்ந்தளிக்க வேண்டியிருக்கும்.

இட அளவு வேறுபாட்டை மட்டும் வைத்து முறையைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. லீட்கோடின் வரம்பு 20,000 தூண்கள். மிக மோசமான நிலையிலும், அதாவது உயரங்கள் இறங்கிக்கொண்டே போகும்போதும், ஸ்டாக்கில் 20,000 முழு எண்கள் இருக்கும். இன்றைய எந்தக் கணினிக்கும் அது ஒரு பொருட்டே அன்று. தரவு எப்படி வருகிறது, விடை எந்த வடிவில் வேண்டும் என்ற இரண்டும்தான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டியவை.

எங்கே தவறும், எப்படித் தெரியும்

பாயிண்டர் முறையில் அடிக்கடி நேர்வது, உச்சத்தைப் புதுப்பிப்பதற்கு முன்பே நீரைக் கூட்டிவிடுவது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு புதிய உச்சத்திலும் ஓர் எதிர்ம எண் சேர்ந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் 12க்குப் பதில் 5 வரும், ஏனென்றால் தொடக்கத்திலேயே 3உம் 4உம் கழிந்துவிடுகின்றன. இதைக் கண்டுபிடிக்க `[1, 2, 3]` என்ற ஏறுவரிசையைக் கொடுத்துப் பார்த்தால் போதும்: நீரே தேங்காத இடத்தில் −2 வந்து நிற்கும். மேலே நான் எழுதிய வடிவம் காலி அரேக்கு 0 தரும். ஆனால் `lm = h[0]` என்று தொடங்கும் வடிவத்தை எழுதுபவர்கள் காலி அரேயைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

ஸ்டாக் முறையில் தவறு பெரும்பாலும் அகலத்தில் ஒளிந்திருக்கும். `i - st[-1] - 1` என்பதற்குப் பதில் `i - b` என்று எழுதிவிடுவார்கள். தரைக்கும் வலச்சுவருக்கும் இடையிலான தூரம்தானே என்று தோன்றும். சிறிய பள்ளங்களில் இரண்டும் ஒரே எண்ணைத் தருவதால் சோதனைகள் தேறிவிடும். நம் எடுத்துக்காட்டில் இடம் 5 வரும்போது அகலங்கள் 2, 4 என்பதற்குப் பதில் 1, 3 என்றாகி, மொத்தம் 10 என்று வரும். பள்ளத்துக்குள் பள்ளம் உள்ள அரே ஒன்றைச் சோதனையில் சேர்க்காவிட்டால் இந்தப் பிழை கண்ணில் படாது. சம உயரங்களைப் பற்றி இங்கேயும் கவலைப்பட வேண்டாம்: `[2, 0, 0, 2]` என்பதில் `<` எழுதினாலும் `<=` எழுதினாலும், உயரம் 0 கொண்ட ஒரு வெற்று அடுக்கு சேர்ந்து, பிறகு அகலம் 2, உயரம் 2 கொண்ட அடுக்கு சேர்ந்து, விடை 4 என்றே வரும்.

சி++ அல்லது ஜாவாவில் எழுதுபவர்களுக்கு ஒரு சொல். லீட்கோடில் உயரத்தின் வரம்பு 1,00,000. 20,000 தூண்களோடு பெருக்கினால் 200 கோடி. 32 பிட் `int` தாங்கும் 2,14,74,83,647க்குள் அது அடங்கிவிடுகிறது. வரம்பைச் சற்றே உயர்த்தினாலும் இது உடையும் என்பதால், வேறு இடத்தில் இதே நிரலைப் பயன்படுத்தும்போது கூட்டலை 64 பிட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பரிமாணத்துக்குப் போகும்போது

லீட்கோடின் 407ஆம் கணக்கில் தூண்கள் வரிசையாக இல்லாமல் கட்டங்களாக நிற்கின்றன; நீர் நான்கு பக்கமும் வழியலாம். அங்கே ஸ்டாக் முறை கைகொடுக்காது. இடச்சுவர், வலச்சுவர் என்ற வரிசை இருப்பதால்தான் ‘தரைக்கு அடியில் இருப்பது இடச்சுவர்’ என்று நம்மால் சொல்ல முடிந்தது. கட்டங்களில் அப்படி ஒரு வரிசையே கிடையாது. பாயிண்டர் முறையின் கருத்து மட்டும் அப்படியே வளர்கிறது. ஒரே வரிசையில் வெளி எல்லை என்பது இரண்டு தூண்கள். அவற்றுள் குட்டையானதிலிருந்து உள்ளே போனோம். கட்டங்களில் வெளி எல்லை என்பது சுற்றிலும் உள்ள எல்லாக் கட்டங்களும். அவற்றுள் மிகக் குட்டையானதை எடுத்து, அதன் அண்டைக் கட்டத்துக்குள் போக வேண்டும். இரண்டில் சிறியதை ஓர் `if` சொல்லிவிடும். நூற்றுக்கணக்கானவற்றில் சிறியதை ஒவ்வொரு முறையும் எடுக்க, மிகச் சிறியதை எப்போதும் உச்சியில் வைத்திருக்கும் ‘மின் ஹீப்’ வேண்டும். எல்லையில் மிகக் குட்டையான கட்டத்தின் நீர்மட்டம் 3 என்றும், அதன் அண்டைக் கட்டத்தின் உயரம் 1 என்றும் கொண்டால், அங்கே 2 அலகு நீர் நிற்கும் என்று உடனே உறுதியாகச் சொல்லலாம். எல்லையின் மற்ற இடங்கள் எல்லாம் 3க்குக் குறையாதவை. எனவே அந்த நீர் வேறு எந்தப் பக்கமாகவும் 3ஐ விடத் தாழ்வான வழியில் வெளியேற முடியாது. பிறகு அந்தக் கட்டம் 3 என்ற மட்டத்துடன் எல்லையில் சேர்ந்துகொள்கிறது. ஒரே வரிசையில் வலப்பக்க உச்சம் எவ்வளவு என்று தெரியாவிட்டாலும் `lm`க்குக் குறையாதது என்று தெரிந்தால் போதும் என்றோமே, அதே வாதம்தான் இது.